மீட்டிங்கிலிருந்து வந்ததும் அடுத்த வேலையில் மனசு ஒட்ட மூன்று நிமிடம்

கேள்வி: மீட்டிங் முடிந்து சீட்டுக்கு வந்தால் அடுத்த வேலையில் மனசு ஒட்டவே மாட்டேன் என்கிறது. அரை மணி நேரம் தியானத்தில் உட்காரவெல்லாம் ஆபீஸில் முடியாது. இரண்டு மூன்று நிமிடத்தில், இருந்த இடத்திலேயே செய்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா?

பதில்:

இருக்கிறது. ஆனால் மூச்சில் ஆரம்பிக்காதீர்கள், பேனாவில் ஆரம்பியுங்கள். பலருக்கும் இந்தக் குட்டி இடைவேளை பலிக்காமல் போவது இந்த வரிசை மாறிப்போவதால்தான்.

நீங்கள் சொல்வது களைப்பு இல்லை. உடம்பு சீட்டுக்கு வந்துவிட்டது, கவனத்தில் ஒரு பங்கு இன்னும் மீட்டிங் அறையிலேயே இருக்கிறது. சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் இதைச் சோதித்து, 'கவன எச்சம்' என்று பொருள்படும் ஒரு பெயரைக் கொடுத்தார். ஒரு வேலை முடியாமல் அந்தரத்தில் நிற்கும்போது அடுத்ததற்குத் தாவினால், முதல் வேலையின் நினைப்பு ஒட்டிக்கொண்டே வருகிறது. இரண்டாவது வேலையின் தரம் குறைகிறது. மீட்டிங் என்பது பெரும்பாலும் முடியாத விஷயங்களின் மூட்டை. அதைத் தலையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால், மூட்டை அவிழ்ந்து அத்தனையும் வெளியே வரும். அதனால்தான் 'தியானம் செய்தால் இன்னும் அதிகமாக யோசனை வருகிறது' என்று பலர் சொல்கிறார்கள்.

அதே லெராய், தெரசா க்ளோம்ப் என்பவருடன் சேர்ந்து 2018-ல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு ஒரு கைவைத்தியமும் இருக்கிறது. வேலையை விடும் முன், எங்கே நிறுத்தினோம், திரும்பி வந்தால் முதலில் என்ன செய்யப் போகிறோம் என்று சுருக்கமாக எழுதி வைத்தவர்களுக்கு அடுத்த வேலையில் கவனம் நன்றாகவே நின்றது. நான் சொல்லும் மூன்று நிமிடத்தில் முதல் அரை நிமிடம் இதற்குத்தான்.

எப்படி எழுதுவது என்பதில் விஷயம் இருக்கிறது. ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். மணி 3:10. டெலிவரி தள்ளிப்போவது பற்றிய மீட்டிங், முடிவில்லாமல் முடிந்திருக்கிறது. அடுத்து நீங்கள் 40 வரி உள்ள ஒரு செலவுக் கணக்கைச் சரிபார்க்க வேண்டும். காகிதத்தில் 'மீட்டிங் விஷயம் பார்க்கணும்' என்று எழுதினால் பயன் இல்லை. எந்த விஷயம், எப்போது என்று மனசுக்குத் தெரியாததால் அது திரும்பத் திரும்ப நினைவூட்டிக்கொண்டே இருக்கும். 'டெலிவரி: 18-ஆம் தேதியா 21-ஆம் தேதியா, முடிவாகவில்லை. 4:30-க்கு சப்ளையருக்குப் போன் செய்து கேட்க வேண்டும்' என்று எழுதுங்கள். நின்ற இடம், அடுத்த செயல், அதற்கான நேரம், மூன்றும் ஒரே வரியில் வந்துவிட்டன. எழுதியதும் காகிதத்தைக் கவிழ்த்து வையுங்கள். கையால் எழுதுவதே நல்லது என்பது என் கருத்து. போனில் எழுதப் போனால் அங்கே நான்கு நோட்டிஃபிகேஷன் காத்திருக்கும்.

அடுத்து கண். திரையிலிருந்து பார்வையை எடுத்து, கண்ணுக்கு எட்டியவரை தூரமாக இருக்கும் ஒன்றை 20 விநாடி பாருங்கள். ஜன்னலுக்கு வெளியே பார்க்க முடிந்தால் மிக நல்லது, இல்லையென்றால் அறையின் எதிர்க்கோடி போதும். சுமார் 6 மீட்டர் தூரம் இருந்தால், பக்கத்தில் பார்ப்பதற்காகக் கண்ணுக்குள் இறுகியிருக்கும் தசை தளரும். திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவதும் குறைந்துவிடுவதால், இந்த 20 விநாடியில் வேண்டுமென்றே நான்கைந்து முறை மெதுவாகச் சிமிட்டுங்கள்.

இப்போது மூச்சு. கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களைத் தொட்டுப் பாருங்கள். ஒவ்வொரு விரலிலும் மூன்று கணு, மொத்தம் பன்னிரண்டு. ஒரு மூச்சுக்கு ஒரு கணு. அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது பன்னிரண்டு மூச்சுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும், அதனால் டைமர் வைக்கத் தேவையில்லை. சுண்டுவிரலின் அடிக்கணுவில் கட்டைவிரலை வையுங்கள். மூச்சை இழுத்துப் பிடிக்கவோ ஆழப்படுத்தவோ வேண்டாம். அது தானாக வரட்டும், தானாகப் போகட்டும். மூக்கு நுனியில் காற்று உரசும் இடத்தை மட்டும் கவனியுங்கள். உள்ளே போகும்போது சற்றுக் குளிர்ச்சியாகவும், வெளியே வரும்போது சற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும். வெளிமூச்சு முழுதாக முடிந்து, அடுத்தது தொடங்கும் முன் ஒரு சின்ன ஓய்வு தெரியும். அந்த இடத்தில் கட்டைவிரலை அடுத்த கணுவுக்கு நகர்த்துங்கள்.

நான்காவது ஐந்தாவது கணுவில் மனசு எங்காவது போய்விடும். போகும் என்று தெரிந்தே உட்காருங்கள். போனது எப்போது தெரிகிறதோ, அந்தக் கணமே பயிற்சியின் மையம். ஓடிப்போன கவனத்தைக் கண்டுபிடித்துத் திருப்பிக் கொண்டுவரும் வேலையைத்தான் அடுத்த ஒரு மணி நேரம் கணக்கு வரிகளில் செய்யப் போகிறீர்கள். பொதுவாக எண்ணிக்கை தவறினால் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார்கள். வேலைக்கு நடுவே அது வேண்டாம் என்பேன். நேரம் நீளும், எரிச்சலும் சேரும். கட்டைவிரல் எந்தக் கணுவில் நிற்கிறதோ அங்கிருந்தே தொடருங்கள். மனசில் எண்ணாமல் விரலில் எண்ணச் சொல்வதே இதற்காகத்தான்: நீங்கள் தொலைந்தாலும் விரல் இடத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

ஆனால் இதிலேயே ஒரு பள்ளமும் இருக்கிறது. சில நாள் பழகியதும் விரல் தானாக நகரும், மனசு டெலிவரி தேதியில் இருக்கும். பன்னிரண்டு கணுவும் முடிந்தது, ஆனால் ஒரு மூச்சுகூட நினைவில் இல்லை என்றால் இதுதான் நடந்திருக்கிறது. திசையை மாற்றிவிடுங்கள், ஆள்காட்டி விரல் நுனியில் தொடங்கி இறங்கி வாருங்கள். பழகாத வழி என்பதால் கவனம் கூடவே வர வேண்டியிருக்கும்.

தலை லேசாகச் சுற்றினாலோ, விரல் நுனி, உதட்டோரம் மரத்தது போல் இருந்தாலோ, நீங்கள் மூச்சைக் கவனிப்பதற்குப் பதிலாக வேகமாகவும் ஆழமாகவும் இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைவதால் வருவது அது. எண்ணுவதை விட்டுவிட்டு இயல்பாக மூச்சு விட்டால் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். இன்னும் சிலருக்கு மூச்சைக் கவனித்தாலே நெஞ்சு அடைப்பது போலப் பதற்றம் வரும். அவர்கள் மூச்சோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. உள்ளங்கால் தரையில் அழுந்துவதையோ, அறையில் கேட்கும் சத்தங்களையோ ஒவ்வொன்றாகப் பன்னிரண்டு முறை கவனித்தால் அதே வேலை நடக்கும். தூக்கம் சொக்கினால் கண்ணைத் திறந்தே வைத்து, நின்றுகொண்டு செய்யுங்கள். அப்படியும் சொக்கினால் முந்தைய இரவின் கடன் அது, மூன்று நிமிடத்தில் அடையாது.

மீட்டிங்கில் வாக்குவாதமாகி, நெஞ்சு படபடப்போடு வந்திருந்தால் மட்டும் ஒரு விதிவிலக்கு. எண்ணத் தொடங்கும் முன், மூக்கால் ஒரு மூச்சு இழுத்து, அதன் மேலேயே இன்னொரு சின்ன இழுப்பு இழுத்து, வாய் வழியாக மெதுவாக நீளமாக விடுங்கள். மூன்று முறை போதும். மூச்சு வெளியே போகும்போது இதயத்துடிப்பு கொஞ்சம் மெதுவாகும், அதனால் வெளிமூச்சு நீளமாக இருக்க வேண்டும். இந்த முறையை ஸ்டான்ஃபோர்டில் ஆராய்ந்து 2023-ல் வெளியிட்டார்கள். தினம் 5 நிமிடம் என ஒரு மாதம் செய்தவர்களுக்கு மனநிலை தெளிவாக மேம்பட்டது. அது மனநிலையைப் பற்றிய முடிவு; கவனம் கூடும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. எனவே இது படபடப்பை இறக்கிவைக்க மட்டும். கவனத்தைத் திருப்ப விரல் கணுவுக்கே வாருங்கள்.

பன்னிரண்டாவது கணு முடிந்ததும் உடனே திரையைப் பார்க்காதீர்கள். முதலில் கை என்ன செய்யப் போகிறது என்று ஒரு வாக்கியம் மனசுக்குள் சொல்லுங்கள். 'கணக்கை முடிக்கணும்' என்பது செயல் இல்லை. 'ஷீட்டைத் திறந்து, முதல் வரியில் உள்ள தொகையைப் பில்லோடு ஒப்பிடப் போகிறேன்' என்பதுதான் செயல். இது இல்லாமல் திரும்பினால் கை பழக்கத்தில் மெயிலைத் திறக்கும். அங்கே புதிதாக ஒரு முடியாத விஷயம் இருக்கும், செய்த மூன்று நிமிடமும் வீண். இடைவேளை என்று போனை எடுப்பதிலும் இதே சிக்கல்தான். அது ஓய்வு தருகிறதா இல்லையா என்பது வேறு பேச்சு. பாதி படித்த செய்தி, பதில் போடாத ஒரு மெசேஜ் என்று புது எச்சத்தை ஒட்டிவிடுகிறது.

எப்போது செய்வது? 'மணிக்கு ஒரு முறை' என்று அலாரம் வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வேலையை அது நடுவில் வெட்டும். ஒரு வேலை முடிந்து இன்னொன்று தொடங்கும் தையலில் செய்யுங்கள்: மீட்டிங்கிலிருந்து வந்ததும், நீண்ட போன் பேச்சை வைத்ததும், சாப்பிட்டுவிட்டு வந்ததும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தையல் போதும்.

இதற்கு விலக்கு, ஒரே மாதிரியான சரிபார்ப்பு வேலை. மேக்வொர்த் என்பவர் 1948-ல் வெளியிட்ட சோதனையில், சீராகத் தாவி நகரும் கடிகார முள் எப்போதாவது ஒரு முறை இரண்டு மடங்கு தூரம் தாவுவதைக் கண்டுபிடிக்க ஆட்களை உட்காரவைத்தார். முதல் அரை மணி நேரத்திலேயே தவறவிடுவது கூடிவிட்டது. 2011-ல் அரிகா, யெராஸ் இருவரும் 50 நிமிடச் சோதனை ஒன்று நடத்தினார்கள். அதில் நடுவே இரண்டு முறை மட்டும் சட்டென்று வேறொரு சின்ன வேலைக்குக் கவனத்தை மாற்றியவர்களுக்கு அந்தச் சரிவு வரவில்லை. நம் உதாரணத்தின் 40 வரியில், பதினைந்தாவது வரிப் பக்கம் ஒரே வரியை இரண்டு முறை படிக்க ஆரம்பித்தால் அதுதான் அடையாளம். அந்த வரியில் ஒரு குறி போட்டுவிட்டுத் தூரம் பார்ப்பதையும் பன்னிரண்டு கணுவையும் மட்டும் செய்துவிட்டுத் திரும்புங்கள். வேலை மாறாததால் இங்கே அந்தக் குறியே போதும், தனியாக எழுத வேண்டாம்.

நடுவில் யாராவது வந்து கூப்பிட்டால் விட்டுவிட்டு எழுந்து போகலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. ஒரு நிமிடம்தான் கையில் இருக்கிறது என்றால் கண்ணையும் மூன்று விரலையும் விட்டுவிடுங்கள். ஒரு விரல், மூன்று மூச்சு. ஆனால் காகிதத்தில் எழுதும் அந்த ஒரு வரியை மட்டும் விடாதீர்கள்.