தாவல் உள்ள சார்பைத் தொகையிடலாமா? மேல், கீழ்க் கூட்டுத்தொகைகள் பற்றிய கேள்வி பதில்

பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு மாணவி: சார், [0, 2]-இல் x < 1 எனில் f(x) = x, x ≥ 1 எனில் f(x) = x + 2. பத்து சம துண்டாப் பிரிச்சா மேல் கூட்டுத்தொகை U, கீழ்க் கூட்டுத்தொகை L, இதுல U − L எனக்கு 0.4 வருது. விடைக்குறிப்புல 0.8 இருக்கு. எங்கே தப்பு?

பதில்: ஐந்தாவது துண்டில்தான் இருக்கும், பாருங்கள். [0.8, 1] ஒரு மூடிய இடைவெளி. அதன் வலது முனையான 1-உம் அதற்குள் அடக்கம், அங்கே f(1) = 3. ஆகவே அந்தத் துண்டின் சுப்ரீமம் 3. நீங்கள் இடப்பக்கக் கோட்டை மட்டும் பார்த்து 1 என்று எடுத்திருக்கிறீர்கள்.

சரியாகப் போட்டால் ஒவ்வொரு துண்டின் இன்ஃபிமமும் 0, 0.2, 0.4, 0.6, 0.8, 3, 3.2, 3.4, 3.6, 3.8. இவற்றின் கூடுதல் 19; அகலம் 0.2-ஆல் பெருக்கினால் L = 3.8. சுப்ரீமங்கள் 0.2, 0.4, 0.6, 0.8, 3, 3.2, 3.4, 3.6, 3.8, 4. கூடுதல் 23, ஆகவே U = 4.6. வித்தியாசம் 0.8. இதில் தாவல் இருக்கும் ஒரு துண்டே 2.2 × 0.2 = 0.44 கொடுத்துவிடுகிறது. மற்ற ஒன்பதும் சேர்ந்து 0.36தான்.

உங்கள் கணக்கில் U = 4.2 வந்திருக்கும். உண்மையான தொகையீடு 4 என்பதால் 3.8-க்கும் 4.2-க்கும் நடுவே அது அழகாக உட்கார்ந்துவிடும், சந்தேகமே வராது. அதனால் விடையைப் பார்த்து இந்தப் பிழையைப் பிடிக்க முடியாது. தாவல் புள்ளி எந்தத் துண்டின் முனையாக வந்தாலும், அதன் இருபுறமும் உள்ள இரண்டு துண்டுகளையும் தனியாக எழுதிப் பாருங்கள். ஒருவேளை f(1) = 1 என்று கொடுத்திருந்தால் சிக்கல் அடுத்த துண்டுக்குப் போயிருக்கும்: [1, 1.2]-இல் இன்ஃபிமம் 1, சுப்ரீமம் 3.2. அப்போதும் மொத்த வித்தியாசம் அதே 0.8.

அதே மாணவி: ஆனா அந்த ஒரு துண்டுல ஏற்றத்தாழ்வு எவ்வளவு நறுக்கினாலும் 2-க்குக் கீழே வராதே சார். அப்புறம் U − L எப்படி பூஜ்ஜியத்துக்குப் போகும்?

பதில்: உயரம் குறையாது, உண்மை. ஆனால் U − L-இல் சேர்வது உயரம் மட்டுமல்ல, உயரம் பெருக்கல் அகலம். அகலம் நம் கையில் இருக்கிறது. சார்பு வரம்புடையது என்ற நிபந்தனை இங்கேதான் வேலை செய்கிறது: உயரம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் 4-ஐத் தாண்டாது, ஏனென்றால் f-இன் மதிப்புகள் 0-க்கும் 4-க்கும் இடையில்தான்.

ε = 0.01 என்று வைத்துச் செய்து பார்ப்போம். அதை இரண்டு பாதியாகப் பிரித்து, 0.005-ஐத் தாவலுக்கு ஒதுக்குங்கள். 1-ஐச் சுற்றி [0.9995, 1.0005] என்று 0.001 அகலத்தில் ஒரு துண்டு. அதன் பங்கு அதிகபட்சம் 4 × 0.001 = 0.004. மிச்சம் இருப்பது [0, 0.9995], [1.0005, 2] என்ற இரண்டு பகுதிகள், இரண்டிலும் f தொடர்ச்சியானது. அவற்றை 0.002-க்கு மிகாத துண்டுகளாக வெட்டினால் ஒவ்வொரு துண்டிலும் ஏற்றத்தாழ்வு 0.002-க்கு மிகாது. மொத்த நீளம் 2-க்குக் குறைவு, ஆகவே அவற்றின் பங்கு 0.004-க்குக் குறைவு. கூட்டினால் U − L < 0.008. பக்கத்துக்கு 500 துண்டு, நடுவில் ஒன்று, ஆக 1001 துண்டில் வேலை முடிந்தது.

இந்த f ஏறுமுகச் சார்பு என்பதால் இதைவிடக் குறுக்கு வழியும் உண்டு. n சம துண்டுகளில் ஏற்றத்தாழ்வுகளின் கூடுதல் எப்போதும் f(2) − f(0) = 4, ஆகவே U − L = 8/n. n = 801 போதும். ஆனால் ஏறுமுகமோ இறங்குமுகமோ இல்லாத சார்புக்கு இந்த வழி உதவாது. மேலே செய்தது, முடிவுள்ள எண்ணிக்கையில் தாவல்கள் மட்டும் உள்ள எந்தச் சார்புக்கும் உதவும்.

எம்.எஸ்சி. மாணவர்: U − L < ε என்பதை எல்லாப் பிரிவினைக்கும் காட்டணுமா, ஒண்ணு போதுமா?

பதில்: ஒவ்வொரு ε-க்கும் ஒரு பிரிவினை போதும். அது எந்த வடிவில் இருந்தாலும் சரி. மேல் தொகையீடு எந்த U-ஐயும் மீறாது, கீழ்த் தொகையீடு எந்த L-க்கும் கீழே போகாது, ஆகவே அவை இரண்டும் அந்த ஒரே ஜோடிக்குள் சிக்கிக்கொள்கின்றன. தொகையிட முடியாது என்று நிறுவும்போதுதான் எல்லாப் பிரிவினையையும் பார்க்க வேண்டும். விகிதமுறு எண்ணில் 1, விகிதமுறா எண்ணில் 0 என்ற டிரிஷ்லே சார்பை எடுங்கள். [0, 1]-ஐ எப்படி வெட்டினாலும் ஒவ்வொரு துண்டிலும் இரண்டு வகை எண்களும் இருக்கும், ஆகவே எப்போதும் U = 1, L = 0.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்: தாவல் இருந்தால் அடிப்படைத் தேற்றம் பொருந்தாது, ஆகவே தொகையிட முடியாது என்றுதானே அர்த்தம்? நான் போட்டுப் பார்த்ததில் 6 வருகிறது, நீங்கள் 4 என்கிறீர்கள்.

பதில்: முதல் பாதி சரி. தாவல் உள்ள f-க்கு, அந்தப் புள்ளியையும் சேர்த்து F′ = f என்று அமையும் F கிடையவே கிடையாது. ஒரு வகைக்கெழு இடையில் உள்ள மதிப்புகளை விட்டுத் தாண்டிக் குதிக்காது என்று டார்பூ நிறுவியிருக்கிறார். ஆனால் தொகையிடத்தக்கதாக இருப்பதற்கு F தேவையில்லை, U-உம் L-உம் நெருங்கினால் போதும்.

6 எப்படி வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். x < 1-க்கு x²/2, x ≥ 1-க்கு x²/2 + 2x என்று எழுதி F(2) − F(0) போட்டிருக்கிறீர்கள். உங்கள் F, x = 1-இல் 0.5-இலிருந்து 2.5-க்குத் தாவுகிறது. அந்தத் தாவல் 2 அப்படியே விடையில் கூடிவிட்டது. இரண்டாம் பகுதியை x²/2 + 2x − 2 என்று இறக்கி ஒட்டுங்கள். F தொடர்ச்சியாகிவிடும், F(2) = 2 + 4 − 2 = 4. x = 1-இல் இடப்பக்கச் சாய்வு 1, வலப்பக்கச் சாய்வு 3 என்று ஒரு முனை இருக்கும், அதனால் கேடில்லை.

மின்னியல் பொறியாளர்: என் வேலையில் சிக்னல் திடீரென்று எகிறும். டிரப்பீசாய்டல் ரூலில் போட்டால் பிழை எதிர்பார்த்த வேகத்தில் குறைவதில்லை. இது ரீமான் தொகையிட முடியாத சார்பு என்பதாலா?

பதில்: இல்லை, தொகையீடு இருக்கிறது, உங்கள் கணக்கு மெதுவாகத்தான் அதை நெருங்குகிறது. இதே f-ஐ h = 0.2-க்குப் போட்டுப் பாருங்கள். ஒன்பது துண்டுகளில் சார்பு நேர்கோடு, அங்கே பிழையே இல்லை. [0.8, 1]-இல் மட்டும் விதி (0.8 + 3)/2 × 0.2 = 0.38 தருகிறது, உண்மை 0.18. விடை 4.2 ஆகிவிடுகிறது. பிழை = தாவலின் உயரம் × h ÷ 2. h-ஐப் பாதியாக்கினால் பிழையும் பாதிதான் ஆகும், வழக்கமாக எதிர்பார்க்கும் கால்பங்கு ஆகாது. எகிறும் நேரம் தெரிந்தால் அங்கே வெட்டி, இரு பக்கத்தையும் அந்தந்தப் பக்க எல்லை மதிப்போடு தனித்தனியாகக் கூட்டுங்கள். அந்தப் புள்ளி மாதிரிப் புள்ளியாகவே அமைந்தால் சராசரி மதிப்பை (இங்கே 2) வைத்தாலும் சரியாக 4 வரும். எகிறும் நேரம் இரண்டு மாதிரிகளுக்கு நடுவே எங்கோ இருந்தால் இந்த இரண்டும் முடியாது, அடர்த்தியாக மாதிரி எடுப்பதுதான் வழி.

கணித ஆசிரியர்: வகுப்பில் நான் சொல்வது: தாவல்கள் எண்ணிக்கையில் முடிவுள்ளதாக இருந்தால் தொகையிடலாம், முடிவிலி என்றால் முடியாது. இவ்வளவு போதும்தானே ஐயா?

பதில்: முன்பாதியை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், பின்பாதி தவறு. [0, 1]-இல் f(0) = 0, (1/(n+1), 1/n] என்ற ஒவ்வொரு இடைவெளியிலும் f = 1/n என்று ஒரு படிக்கட்டு கட்டுங்கள். 1/2, 1/3, 1/4 என்று முடிவில்லாமல் தாவல்கள். ஆனால் [0, 0.01]-ஐ ஒரே துண்டாக எடுத்தால் அதில் ஏற்றத்தாழ்வு 0.01, பங்கு 0.0001 மட்டுமே. முடிவிலியான கூட்டம் முழுவதும் அதற்குள் அடங்கிவிட்டது. [0.01, 1]-இல் மிஞ்சுவது 99 தாவல்கள், அவற்றுக்குத் தனித்தனியாக ஒல்லியான துண்டுகள். இதன் தொகையீட்டைக் கையாலேயே போடலாம்: 1/(n²(n+1))-களின் கூடுதல், அதாவது π²/6 − 1. ரீமான் 1854-இல் எழுதிய ஆய்வுரையிலேயே, எவ்வளவு சிறிய இடைவெளியை எடுத்தாலும் அதற்குள் தாவல் இருக்கும் ஒரு தொகையிடத்தக்க சார்பு உண்டு.

அதே ஆசிரியர்: அப்படியானால் தொடர்ச்சியற்ற புள்ளிகளின் அளவை பூஜ்ஜியம் என்ற லெபேக் தேற்றத்தை மேற்கோள் காட்டி ஒரே வரியில் முடிக்கச் சொல்லலாமே?

பதில்: கணிதப்படி குறை சொல்ல முடியாது. தேர்வில் "வரையறையிலிருந்து நிறுவுக" என்று கேட்டிருந்தால் எனக்கு அது பாதி விடைதான்.

ஓய்வுபெற்ற பேராசிரியர் (இடையில்): நான் முழு மதிப்பெண் போடுவேன். அந்தத் தேற்றத்தைச் சரியாக, "வரம்புடைய" என்ற சொல்லை விடாமல் எழுதத் தெரிந்த மாணவருக்கு வரையறை தெரியாமல் இருக்காது.

பதில்: தேற்றத்தை மனப்பாடமாக எழுதிவிட்டு [0.8, 1]-இன் சுப்ரீமத்தில் தடுமாறுபவர்களும் இருக்கிறார்கள் ஐயா. இதில் நாம் இருவரும் ஒத்துப்போகப் போவதில்லை.

எம்.எஸ்சி. மாணவர்: கடைசியா ஒண்ணு சார். தொகையிடத்தக்க சார்பை, ஒரே ஒரு தாவல் உள்ள சார்புக்குள்ள போட்டா, கிடைக்கிற கலப்புச் சார்பும் தொகையிடத்தக்கதுதானே?

பதில்: இல்லை. g(y), y ≤ 0 எனில் 0, y > 0 எனில் 1. ஒரே தாவல். உள்ளே தோமே சார்பு t-ஐப் போடுங்கள்: சுருங்கிய வடிவில் p/q எனில் t = 1/q, விகிதமுறா எண்ணில் t = 0. [0, 1]-இல் 1/q ≥ ε/2 ஆகும் புள்ளிகள் எண்ணி முடிக்கக்கூடியவைதான், அவற்றை ஒல்லியான துண்டுகளால் மூடினால் U < ε, ஆகவே t தொகையிடத்தக்கது, மதிப்பு 0. ஆனால் g(t(x)) விகிதமுறு எண்ணில் 1, விகிதமுறா எண்ணில் 0. மேலே பார்த்த அதே டிரிஷ்லே சார்பு. வெளியே இருக்கும் g-இன் ஒற்றைத் தாவல் 0-இல் இருக்கிறது, t-யோ ஒவ்வொரு துண்டிலும் அந்த 0-ஐத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. g தொடர்ச்சியானதாக இருந்தால் இந்தச் சிக்கல் வராது, கலப்புச் சார்பு கட்டாயம் தொகையிடத்தக்கதாக இருக்கும்.