மூன்று மணி நேரமும் 19 மிஸ்டு காலும்

கேள்வி: மேடம், எனக்கு 27 வயது. ஐந்து வாரத்துக்கு முன்னால் ஆன்லைனில் ஒருவர் அறிமுகமானார். நான்காவது நாளே ‘உன்னைத் தவிர யாரும் வேண்டாம்’ என்றார். தினமும் அவரிடமிருந்து எண்பது, தொண்ணூறு மெசேஜ் வரும். மூன்றாவது வாரத்தில் புது போன் வாங்கித் தந்தார். கல்யாணம், குழந்தைக்குப் பெயர் வரைக்கும் பேசிவிட்டார். போன வாரம் தோழிகளுடன் வெளியே போயிருந்தேன். மூன்று மணி நேரத்தில் 19 மிஸ்டு கால். ‘உனக்கு என்ன ஆச்சோ என்று செத்துப் பிழைத்தேன்’ என்று அழுதார். கடைசியில் நான்தான் மன்னிப்புக் கேட்டேன். ‘இது லவ் பாமிங், ஜாக்கிரதை’ என்கிறாள் அக்கா. ஆனால் இதுவரை என்னை யாரும் இவ்வளவு நேசித்ததில்லை. அவரை இழக்காமல் இந்த வேகத்தைக் குறைக்க முடியுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடிட்டு வைத்திருப்பது ஒரே ஒரு வரியை. ‘கடைசியில் நான்தான் மன்னிப்புக் கேட்டேன்.’

தோழிகளுடன் மூன்று மணி நேரம் இருந்ததில் ஒரு தப்பும் இல்லை, தோழி. ஆனாலும் அந்த இரவு முடிவதற்குள் தப்பு செய்தவர் நீங்கள், ஆறுதல் தேவைப்பட்டவர் அவர் என்று ஆகிவிட்டது. அடுத்த முறை தோழிகள் கூப்பிடும்போது உங்கள் மனதில் முதலில் ஓடப்போவது ‘அவர் என்ன சொல்வாரோ’ என்பதுதான். ‘போகாதே’ என்று அவர் வாய் திறந்து சொல்லவே வேண்டியதில்லை. இரண்டு மூன்று முறை இப்படி நடந்தால் நீங்களே போவதைக் குறைத்துக்கொள்வீர்கள்.

அக்கா சொன்ன சொல்லைப் பற்றிக் கொஞ்சம். லவ் பாமிங் என்பது காதலர்களிடையே பிறந்த சொல் அல்ல. 1970-களில் அமெரிக்காவில் ஒரு புதிய மதக் குழுவினர், தங்களிடம் புதிதாக வருபவரைச் சூழ்ந்துகொண்டு பாராட்டாலும் பாசத்தாலும் திணறடிப்பார்கள். அதற்கு அவர்களே பயன்படுத்திய சொல் இது. இத்தகைய குழுக்களிலிருந்து வெளியே வந்தவர்களுடன் பல ஆண்டுகள் பணியாற்றிய உளவியலாளர் மார்கரெட் சிங்கர் இந்த முறையைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அங்கே அன்பு அளவுக்கு மீறிக் கொட்டப்பட்டது. அதைவிட முக்கியம், வந்தவருக்குத் தனியாக உட்கார்ந்து ‘இது எனக்குச் சரிவருமா’ என்று யோசிக்க இடைவெளியே கிடைக்கவில்லை. உங்கள் கணக்கையே போட்டுப் பாருங்கள். ஒருவர் விழித்திருக்கும் நேரம் 16 மணி என்று வைத்துக்கொண்டால், 90 மெசேஜ் என்பது ஏறக்குறைய 11 நிமிடத்துக்கு ஒன்று. அதில் நீங்கள் எப்போது யோசிப்பீர்கள்?

அதற்காக அவர் நடிக்கிறார் என்று நான் சொல்லவில்லை. புதுக் காதலில் எல்லோருக்குமே கொஞ்சம் தலைகால் புரியாது. ஒருவரைப் பற்றிய நினைப்பு ஓயாமல் ஓடும் அந்த நிலைக்கு டாரதி டெனாவ் என்ற உளவியலாளர் 1970-களில் ‘லிமரன்ஸ்’ என்று பெயரே வைத்தார். விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பழைய பயத்தினால் இப்படி அள்ளிக் கொட்டுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் எந்தத் திட்டமும் இருக்காது. அவர் எந்த ரகம் என்று ஐந்து வாரத்தில் உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. அவர் மனதுக்குள் புகுந்து பார்க்கும் வேலையை விட்டுவிடுங்கள். நீங்கள் ஒரு எல்லை போட்டால் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதை மட்டும் பாருங்கள். அது கண்ணுக்குத் தெரியும்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. கடந்த மூன்று நாளின் மெசேஜ்களை மேலிருந்து நிதானமாகப் படியுங்கள். ‘நீ தேவதை’, ‘நீ இல்லாமல் நான் இல்லை’ என்பவற்றைப் பெயரை மாற்றி யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். ‘நேற்று மேனேஜருடன் மீட்டிங் என்றாயே, எப்படிப் போனது?’ என்பதை உங்களுக்கு மட்டும்தான் அனுப்ப முடியும். இந்த இரண்டாவது வகை எத்தனை இருக்கிறது என்று எண்ணுங்கள். விரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறது என்றால், அவர் நேசிப்பது உங்களையா, தான் மனதில் வரைந்து வைத்திருக்கும் ஒரு படத்தையா என்ற கேள்வி நியாயமானது.

சரி, வேகத்தைக் குறைப்பது எப்படி? சண்டைக்கு நடுவில் வேண்டாம், இரவு நேரப் போன் பேச்சிலும் வேண்டாம். பகலில், நாலு பேர் நடமாடும் இடத்தில் நேரில் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் அதையே மெசேஜாகவும் அனுப்பிவிடுங்கள். அப்போதுதான் ‘நீ அப்படிச் சொல்லவே இல்லையே’ என்ற பேச்சு வராது. வார்த்தைகள் கிட்டத்தட்ட இப்படி இருக்கலாம்: “உங்களுடன் பேசுவது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இந்த வேகம் எனக்கு அதிகம். இனி வாரத்தில் இரண்டு நாள் சந்திக்கலாம். வேலை நேரத்தில் மெசேஜுக்குப் பதில் போட மாட்டேன். இரவு பத்து மணிக்கு மேல் போனை அணைத்துவிடுவேன். மூன்று மாதத்துக்குக் கல்யாணப் பேச்சும் பரிசும் வேண்டாம்.”

இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காரணம் சொல்லப் போகாதீர்கள். ‘வேலை அதிகம்’ என்றால் ‘நான் உதவுகிறேன்’ என்பார். ‘தூக்கம் வருகிறது’ என்றால் ‘பேசிக்கொண்டே தூங்கு’ என்பார். ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு தீர்வு வரும், கடைசியில் உங்கள் எல்லை கரைந்து போயிருக்கும். லவ் பாமிங் என்ற சொல்லையும் அவரிடம் எடுக்க வேண்டாம். பிறகு பேச்சு முழுக்க அந்தப் பட்டம் அவருக்குப் பொருந்துமா இல்லையா என்பதைப் பற்றியே போகும்.

அன்றைக்கு அவர் என்ன பதில் சொல்கிறார் என்பதற்குப் பெரிய மதிப்பு கொடுக்காதீர்கள். அன்று யாரும் நல்லபடியாகத்தான் பேசுவார்கள். பதினான்கு நாள் பாருங்கள். ஒரு நோட்டில் தினமும் இரண்டே வரி எழுதினால் போதும்.

முன்பு எனக்கு எழுதிய வேறொரு வாசகியின் நண்பரும் இப்படித்தான், காலையில் கண் விழித்ததிலிருந்து மெசேஜ். அவள் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. ‘நான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா?’ என்று ஒருமுறை கேட்டார். மறுநாளிலிருந்து மெசேஜ் பத்து, பன்னிரண்டாகக் குறைந்தது. நடுவில் இரண்டு முறை மறந்துபோய் இரவு பதினொரு மணிக்குக் கூப்பிட்டார். அவள் எடுக்கவில்லை, காலையில் அவரே ‘மன்னித்துக்கொள், மறந்துவிட்டேன்’ என்றார், அத்துடன் சரி. பத்து நாளில் அவர் தன் பழைய நண்பர்களுடன் விளையாடவும் திரும்பப் போய்விட்டார். வருத்தப்படுவது, சறுக்குவது, திருத்திக்கொள்வது எல்லாமே இயல்பு. அந்த வருத்தத்துக்கான விலையை உங்களிடம் வாங்காமல் இருக்கிறாரா என்பதுதான் கவனிக்க வேண்டியது.

மற்ற விதமாகவும் நடக்கலாம். முதல் சில நாட்களில் மெசேஜ் குறைவதற்குப் பதிலாகக் கூடலாம், அலுவலக வாசலில் பரிசோடு வந்து நிற்கலாம். வழக்கமாகக் கிடைத்த பதில் நின்றால், அடங்குவதற்கு முன்னால் முயற்சி ஒரு தடவை உச்சத்துக்குப் போவதுண்டு. நடத்தை உளவியலில் நன்றாகத் தெரிந்த விஷயம் இது. அந்த நேரத்தில் நீங்கள் பத்தொன்பதாவது அழைப்பை எடுத்தால், பத்தொன்பது முறை அடித்தால் எடுப்பாள் என்று அவருக்குப் பழகிவிடும். நீங்கள் சொன்ன நேரத்தில் பேசுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.

இல்லாவிட்டால் இரண்டு நாள் ஒரு சத்தமும் இருக்காது, அப்புறம் கண்ணீரும் பரிசுமாக ஒரு பெரிய வருகை இருக்கும். இது உங்களை அதிகம் ஆட்டிப் படைக்கும். எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் கிடைக்கும் பரிசுக்கு விலங்குகள்கூட விடாமல் முயன்றுகொண்டே இருக்கும் என்பதை உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் தன் சோதனைக்கூடத்தில் காட்டினார். அந்த இரண்டு நாளில் உங்களுக்கு நெஞ்சு அடைக்கும், நிமிடத்துக்கு ஒருமுறை போனைப் பார்ப்பீர்கள். அது காதலின் ஆழத்தைக் காட்டுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐந்து வாரமாக 11 நிமிடத்துக்கு ஒருமுறை வந்தது நின்றுபோனால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

பெரும்பாலோர் கவனிக்கத் தவறுவது இன்னொன்று. எல்லாவற்றுக்கும் சம்மதிப்பார், ஆனால் கணக்கு வைத்துக்கொள்வார். ‘நீ சொன்னாயே என்று நேற்று முழுக்க மெசேஜே பண்ணவில்லை, பார்த்தாயா? அப்போ இந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எனக்குத்தானே?’ கேட்க இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் நேரத்தையே உங்களுக்குக் கடனாகத் தந்துவிட்டு வட்டி கேட்கிறார். இது ஒன்றுக்கு மேல் தடவை நடந்தால் நோட்டில் குறித்து வையுங்கள்.

‘நீ விலகினால் செத்துவிடுவேன்’ என்று சொன்னால் அதை வெறும் பேச்சென்று விடக்கூடாது. ஆனால் அதைத் தனியாகச் சுமக்கவும் கூடாது. உடனே அவர் குடும்பத்தில் ஒருவருக்கோ நெருங்கிய நண்பருக்கோ சொல்லுங்கள், நிலைமை கைமீறினால் அவசர உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். இரவில் தனியாக அவரைத் தேடிப் போகாதீர்கள்.

அந்தப் புது போனைப் பற்றி. அதை உங்கள் கையில் கொடுக்கும் முன் அமைத்துத் தந்தது யார்? அதில் அவருடைய கணக்கு ஏதாவது திறந்திருந்தால், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதை அவரால் பார்க்க முடியலாம். வாட்ஸ்அப்பில் Linked devices பகுதியில் உங்களுக்குத் தெரியாத கருவி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் முதலில் அக்காவிடம் சொல்லிவிட்டு, அவள் கூட இருக்கும்போது துண்டியுங்கள். சிம்மைப் பழைய போனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எல்லையைச் சொல்லும் நாளிலேயே புது போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது.

அவரை இழக்காமல் முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாரத்தில் இரண்டு நாள் போதும் என்பதைத் தாங்கிக்கொள்கிறவரானால் முடியும். அதை நீங்கள் அவருக்காக முடிவு செய்ய இயலாது, பதினான்கு நாளில் அவரே காட்டிவிடுவார்.

அந்த நாட்களுக்குள் ஒரு மாலை, அதே தோழிகளைக் கூப்பிட்டு அதே மூன்று மணி நேரம் வெளியே போய்வாருங்கள். போனை சைலன்ட்டில் போட்டுப் பைக்குள் வைத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் எத்தனை மிஸ்டு கால் என்று பார்த்து நோட்டில் எழுதுங்கள். இந்த முறை மன்னிப்புக் கேட்காதீர்கள்.