இஸ்கூல் சரி, ஆனால் பிளேட் ஏன் 'இப்ளேட்' ஆகவில்லை?

"ஸ்கூலை இஸ்கூல் என்கிறார்கள். பிளேட்டில் மட்டும் இகரம் நடுவில் வருகிறதே, ஏன்?"

தமிழ்ச் சொல் இரண்டு மெய்யெழுத்துகளோடு தொடங்காது. அதனால் ஓர் உயிரைச் செருகுகிறோம். எங்கே என்பதைக் காதுதான் முடிவு செய்கிறது. ப்+ல் சேரும்போது, ப் வெடித்து ல்-இல் வழுக்கும் இடத்தில் உயிர்போல மெல்லிய ஒலி ஏற்கெனவே கேட்கும். அதையே முழு இகரமாக்கினால் பிளேட். ஸ்+க் அப்படியல்ல. ஸ் ஓசை நின்று சட்டென மூடிக்கொள்வதால் நடுவே இடமில்லை, இகரம் முன்னால் போகிறது. சில நேரம் ஸ் உதிர்ந்தும் போகும்: ஸ்டேஷன் 'டேசன்' ஆனது, ஸ்தலம் தலம் ஆனது.

சோதித்துப் பார்க்க சிலேட்டு போதும். அதுவும் ஸ்-இல்தான் தொடங்குகிறது, ஆனால் அடுத்து வருவது ல். அதனால் உயிர் நடுவில்.

எந்த உயிர் என்பதற்கு நன்னூலே வடசொற்களுக்கு விதி தருகிறது. ய, ர, ல-வுக்கு முன் இகரம்: வாக்கியம், வச்சிரம், சுக்கிலம். ம, வ-வுக்கு முன் உகரம்: பதுமம், பக்குவம். பின்னவை உதட்டின் உதவியால் பிறப்பவை, உகரமும் உதடு குவித்துச் சொல்வதே. பிரேக்கும் கிளாஸும் முதல் விதிப்படிதான் நடக்கின்றன, பவணந்தியார் பஸ் ஏறாவிட்டாலும்.