வலிக்காத கொப்புளமும் பத்து நிமிடப் பேச்சும்

கேள்வி: தொடக்கப் பள்ளி ஆசிரியை நான். இரண்டு வேளை பல் துலக்குவது பற்றியும் இடையில் இனிப்பைக் குறைப்பது பற்றியும் அடுத்த வாரம் காலை அசெம்பிளியில் பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஃப்ளோரைடு பேஸ்ட் விஷம் என்று இணையத்தில் படித்தேன், அதையும் சொல்லலாமா? பிள்ளைகளுக்குப் புதிதாக முளைக்கும் பற்கள் மஞ்சளாக இருக்கின்றனவே, ஏன்? என் வகுப்பில் 7 வயதுப் பையன் ஒருவனுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லருகே ஈறில் சின்னக் கொப்புளம் வந்து வந்து போகிறது. வலிக்கவில்லை என்கிறான். பால் பல்தானே, தானாக விழுந்துவிடும் என்று வீட்டில் கிராம்பு எண்ணெய் தடவுகிறார்களாம். சரியான பதில் சொன்னால் மிட்டாய் கொடுப்பவள் நான். எந்த முகத்தோடு நின்று பேசுவது?

மருத்துவர் பதில்: பேச்சு அடுத்த வாரம்தான். அந்தப் பையனின் அம்மாவுக்கு இன்று மாலையே போன் செய்யுங்கள்.

ஈறில் ஒரு கொப்புளம் வந்து, உடைந்து, சில நாள் கழித்து அதே இடத்தில் மறுபடி வந்தால் அது வாய்ப்புண் இல்லை. சொத்தை, பல்லுக்குள் நரம்பு இருக்கிற உட்கூழ் வரைக்கும் போய், அடியில் சீழ் கட்டியிருக்கிறது. அந்தச் சீழ் எலும்பைத் துளைத்து வெளியே வர ஒரு வழி செய்துகொண்டதைத்தான் நீங்கள் கொப்புளமாகப் பார்க்கிறீர்கள். அவனுக்கு வலிக்காததில் ஆச்சரியம் இல்லை. பல்லுக்குள் இருந்த நரம்பு செத்துப்போய்விட்டது, சீழ் வடிந்துவிடுவதால் அழுத்தமும் ஏறுவதில்லை. வலித்திருந்தால் எப்போதோ கூட்டிக்கொண்டு வந்திருப்பார்கள். வலி இல்லாததால்தான் இவ்வளவு நாள் ஓடியிருக்கிறது.

“பால் பல்தானே” என்ற பேச்சை வாரத்துக்குப் பத்துத் தடவையாவது கேட்கிறேன். முன்பற்களைப் போலப் பால் கடைவாய்ப் பற்கள் 7 வயதில் விழுவதில்லை. 10, 11, சிலருக்கு 12 வயது வரை இருக்க வேண்டியவை. அதன் வேர்களுக்கு நடுவில், எலும்புக்குள், அடுத்து வரப்போகும் நிரந்தரப் பல்லின் மொட்டு உருவாகிக்கொண்டிருக்கிறது. பால் கடைவாய்ப் பல்லில் சீழ் பெரும்பாலும் வேர்கள் பிரிகிற அந்த இடத்தில்தான் தேங்கும். அதாவது மொட்டுக்கு நேர் மேலே. பல மாதங்கள் அப்படியே விட்டால், நிரந்தரப் பல் பழுப்புக் கறையோடும் குழிவிழுந்த எனாமலோடும் முளைக்கலாம்.

சில வருடங்களுக்கு முன் 8 வயதுப் பெண் குழந்தை ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள். இதே கீழ்க் கடைவாய்ப் பல், இதே கொப்புளம். முதல் தடவை வந்தபோது, அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தபோது வாங்கி மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக்கை மூன்று நாள் கொடுத்திருக்கிறார்கள். கொப்புளம் அமுங்கிவிட்டது, சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டார்கள். இரண்டு மாதத்தில் மறுபடி வந்தது, மறுபடி அதே மருந்து. மூன்றாவது தடவை ஈறில் எதுவும் வரவில்லை. சீழ் வெளியேறும் துளை மூடிக்கொண்டு, ஒரே இரவில் தாடை வீங்கி, காலையில் காய்ச்சலோடு வந்தாள். வாயில் ஒரு விரலுக்கு மேல் நுழையவில்லை. மருத்துவமனையில் சேர்த்து நரம்பு வழியாக மருந்து ஏற்றி, மயக்கம் கொடுத்துப் பல்லை எடுத்தார்கள். முதல் கொப்புளத்தின்போதே வந்திருந்தால் ஒரு எக்ஸ்ரேயும் நாற்காலியில் உட்கார்ந்து முடிகிற ஒரு சிகிச்சையும் போதுமாக இருந்திருக்கும். செத்துப்போன பல்லுக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. விழுங்கிய மாத்திரை அங்கே எப்படிப் போய்ச் சேரும்? வெளியே இருக்கிற வீக்கத்தைக் கொஞ்ச நாள் அடக்கும், அவ்வளவுதான். கிராம்பு எண்ணெயும் அப்படித்தான். வலியே இல்லாத பல்லில் வலி மரக்கிற எண்ணெயைத் தடவி என்ன பயன்? ஈறு வெந்துபோகும்.

ஆகவே அந்த அம்மாவிடம் சொல்லுங்கள்: இந்த வாரத்துக்குள் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். எக்ஸ்ரே பார்த்து, பல்லைக் காப்பாற்ற முடிந்தால் வேர்ச் சிகிச்சை செய்து மேலே கவசம் போடுவார்கள். முடியாவிட்டால் எடுத்துவிட்டு, பக்கத்துப் பல் அந்த இடத்தில் சாய்ந்துவிடாமல் இருக்க ஒரு கம்பி வளையம் வைப்பார்கள். ஆனால் கன்னமோ தாடையோ வெளியே தெரிகிற மாதிரி வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாயைத் திறக்கவோ விழுங்கவோ சிரமப்பட்டாலோ, வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே, ராத்திரியானாலும் சரி, மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மற்றக் கேள்விகள் சீக்கிரம் முடிந்துவிடும். நிரந்தரப் பல் பால் பல்லைவிட மஞ்சளாகத்தான் இருக்கும். பால் வெள்ளைக்குப் பக்கத்தில் முளைப்பதால் இன்னும் மஞ்சளாகத் தெரிகிறது, விடுங்கள். ஃப்ளோரைடு பயத்தைத் தயவுசெய்து அந்த மேடையில் ஏற்றாதீர்கள். சொத்தையைத் தடுக்கிற வேலையைப் பேஸ்ட்டில் முக்கியமாகச் செய்வதே அதுதான். அட்டையில் பொடி எழுத்தில் 1000 முதல் 1500 பி.பி.எம். வரை என்று இருந்தால் போதும். பட்டாணி அளவு எடுத்து, தேய்த்து, துப்ப வேண்டும். சின்ன வயதில் வருடக்கணக்காகப் பேஸ்ட்டை விழுங்கிக்கொண்டே இருந்தால் நிரந்தரப் பல்லில் வெள்ளைத் திட்டு வரலாம். நிலத்தடி நீரிலேயே ஃப்ளோரைடு அதிகமுள்ள ஊர் என்றால் உங்கள் பல் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பட்டாணி அளவு பேஸ்ட்டில் கொஞ்சம் உள்ளே போனதற்காக யாரும் பயப்பட வேண்டியதில்லை.

சரி, பேச்சுக்கு வருவோம். யாரையும் முன்னால் கூப்பிட்டு வாயைத் திறந்து காட்டச் சொல்லாதீர்கள். அந்தப் பையன் அன்றோடு வாய் திறந்து சிரிப்பதை நிறுத்திவிடுவான். அதற்குப் பதிலாக எல்லோரையும் உதட்டை மூடிக்கொண்டு, நாக்கு நுனியால் கீழ்க் கடைவாய்ப் பற்களின் உள்பக்கத்தைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்குக் கண்ணாடி மாதிரி வழுக்கும். சிலருக்குத் துணி மாதிரி, கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். எது யாருக்கு என்று யாருக்கும் தெரியாது, தனக்கு மட்டும் தெரியும். அந்தத் துணிதான் கிருமிப் படலம். ‘பூச்சிப் பல்’ என்று சொல்கிறோமே, பூச்சி எதுவும் இல்லை, இந்தப் படலத்தில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத கிருமிகள்தான். நாம் இனிப்புச் சாப்பிட்டால் அவையும் சாப்பிட்டு, சில நிமிடங்களில் அமிலம் விடுகின்றன. அமிலம் எனாமலிலிருந்து சுண்ணாம்புச் சத்தை இழுக்கும். உமிழ்நீர் அதைத் தணித்து, இழந்ததைத் திரும்பப் பூசும். தணிய ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும்.

இந்த அரை மணி நேரம்தான் உங்கள் பேச்சின் உயிர். கரும்பலகையில் ஒரு கணக்குப் போடுங்கள். இரண்டு பேரிடம் ஆளுக்கு ஆறு மிட்டாய். ஒருத்தி மதியச் சாப்பாடு முடிந்ததும் ஆறையும் தின்றுவிட்டாள். சாப்பாட்டுக்கு எப்படியும் வரவேண்டிய அமிலத்தோடு இதுவும் சேர்ந்துபோய்விட்டது, அரை மணி கூடுதலானாலும் அதோடு சரி. இன்னொருவன் சிக்கனக்காரன். 3 மணிக்கு ஒன்று, 3.30க்கு ஒன்று என்று 5.30 வரை பத்திரமாக வைத்துச் சப்பினான். அவன் பல் 3 மணியிலிருந்து 6 மணி வரை அமிலத்திலேயே நின்றது. உமிழ்நீருக்கு வேலை செய்ய நேரமே கிடைக்கவில்லை. அதே ஆறு மிட்டாய்தான். யாருக்குச் சொத்தை வரும் என்று கேளுங்கள், பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். அப்புறம் ஜூஸை ஒரு மணி நேரம் வாய் வாயாக உறிஞ்சினால் என்ன ஆகும் என்று கேளுங்கள், அதையும் அவர்களே சொல்வார்கள்.

இது ஊகக் கணக்கு இல்லை. 1940களில் ஸ்வீடனில், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான வீபெஹோல்ம் என்ற இல்லத்தில், அங்கிருந்தவர்களின் சம்மதமே இல்லாமல் ஒரு சோதனை நடத்தினார்கள். இன்றைக்கு நினைத்தாலும் மனம் பொறுக்காத காரியம். 1954இல் வெளியான முடிவில், சாப்பாட்டோடு சர்க்கரை சேர்த்துக்கொண்டவர்களுக்குச் சொத்தை அதிகம் கூடவில்லை. சாப்பாட்டுக்கு இடையில் ஒட்டுகிற டாஃபி தின்றவர்களுக்கு மளமளவென்று ஏறியது. நீங்கள் பேசப்போகிற தலைப்பின் இரண்டாம் பாதி முழுக்க அந்த மனிதர்களின் பற்களிலிருந்து வந்த அறிவு.

முதல் பாதிக்கு வருகிறேன். இரண்டு வேளையில் காலை வேளை எப்படியும் நடந்துவிடும். நீங்கள் அழுத்திச் சொல்ல வேண்டியது இரவு வேளை. தூங்கும்போது உமிழ்நீர் வெகுவாகக் குறைந்துவிடும், பகலில் அரை மணியில் தணிகிற அமிலம் அப்போது நெடுநேரம் தங்கும். படுக்கப் போகும் முன் 2 நிமிடம் தேய்த்து, துப்பிவிட்டு, வாயைக் குலுக்கிக் கொப்பளிக்காமல் விட வேண்டும். கொப்பளித்தால் ஃப்ளோரைடும் போய்விடும். அதற்குப் பின் தண்ணீர் மட்டும்தான், பால்கூட வேண்டாம். 7, 8 வயது வரை பிள்ளைகளின் கைக்குக் கடைசிப் பல் எட்டாது. இரவு வேளையில் பெரியவர் ஒருவர் பிரஷைப் பிடித்துவிட வேண்டும் என்று டைரியில் எழுதி அனுப்புங்கள். 6 வயதில் பால் பற்களுக்கெல்லாம் பின்னால், எந்தப் பல்லும் விழாமல், சத்தமில்லாமல் நிரந்தரக் கடைவாய்ப் பல் ஒன்று முளைக்கிறது. அதையும் பால் பல் என்றே வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள். மேலே ஆழமான பள்ளங்கள் உள்ள பல் என்பதால் சீக்கிரம் சொத்தையாவதும் அதுதான். போனில் பேசும்போது அந்தப் பையனுக்கு அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் மிட்டாய்ப் பரிசுக்காக இவ்வளவு வருத்தப்பட வேண்டாம். அந்தக் கொப்புளம் நீங்கள் கொடுத்த மிட்டாயால் வந்ததில்லை. அவ்வளவு ஆழத்துக்குச் சொத்தை போக மாதக்கணக்கில் ஆகும், அதற்கு வீட்டிலும் வெளியிலுமாக எத்தனையோ அரை மணிகள் சேர்ந்திருக்கும். பரிசு கொடுத்தே ஆக வேண்டும் என்றால் காலை வகுப்பில் பெயரை எழுதி வைத்துக்கொண்டு, மதியச் சாப்பாடு முடிந்த கையோடு கொடுங்கள். ஏன் அப்போது கொடுக்கிறீர்கள் என்று அசெம்பிளியிலேயே சொல்லிவிடுங்கள். கணக்கைப் போட்டுப் பார்த்த பிள்ளைகளுக்கு அது புரியும்.