பொம்மை விற்கும் முன் ஐஎஸ்ஐ எண்ணைப் பாருங்க

"சவுகார்பேட்டையில மொத்தமா பேட்டரி காரும் பஞ்சு பொம்மையும் வாங்கி ஆன்லைன்ல விக்கப் போறேன். ஜிஎஸ்டி இருக்கு. வேற என்ன பாக்கணும்?"

பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஐஎஸ்ஐ முத்திரையைப் பாருங்க. 14 வயசுக்கு உட்பட்ட குழந்தைங்க விளையாடுற பொம்மைக்கு 2021 ஜனவரி 1 முதல் அது கட்டாயம். தயாரிக்கிறவருக்கு மட்டுமில்ல, விக்கிற உங்களுக்கும்தான்.

முத்திரைக்கு மேல IS எண் இருக்கும். பேட்டரி காருக்கு IS 15644, பஞ்சு பொம்மைக்கு IS 9873. கீழ CM/L-னு ஆரம்பிக்கிற உரிம எண். முத்திரை மட்டும் இருந்து இந்த எண் இல்லைன்னா வாங்காதீங்க.

எண் இருந்தாலும் நம்பிடாதீங்க. இந்த முத்திரைக்கு உரிமம் தர்ற இந்தியத் தர நிர்ணய அமைப்போட BIS Care செயலியில Verify Licence Details-ல அதைப் போடுங்க. நான் ஒரு தடவை போட்டப்ப, உரிமம் உண்மையானதுதான், ஆனா வேற ஊர் கம்பெனியோடது. பெட்டியில இருந்த பேரே வேற. அந்தச் சரக்கை அப்படியே திருப்பிட்டேன். அதனால பேர், முகவரி, காலாவதி தேதி, எந்த வகைப் பொம்மைக்கு உரிமம்னு நாலையும் பெட்டியோட ஒத்துப் பாருங்க.

இறக்குமதிச் சரக்குன்னா இறக்குமதியாளர் முகவரி, தயாரான நாடு, எம்ஆர்பி பெட்டியில இருக்கணும். விற்பனைப் பக்கத்துலயும் அதைப் போடணும்.