பர்ச்சேஸ் மேனேஜருக்கு முதல் மெயில்: கடைசி வரியை மாற்றுங்கள்

“பெங்களூரு பீன்யாவில் ஒரு கம்பெனிக்குக் கையுறை சப்ளை செய்ய மெயில் போட்டேன். ‘நீண்டகால உறவை எதிர்பார்க்கிறோம்’ என்று முடித்திருந்தேன். பதிலே இல்லை.”

அந்த வரிக்கு அவர் என்ன பதில் எழுத முடியும், சார்? உறவைத் தூக்கிவிட்டு இப்படிப் போடுங்கள்:

“ஒரே ஒரு உற்பத்தி லைனுக்கு 200 ஜோடி தருகிறேன். இரண்டு வாரம் கழித்து, பயன்படுத்தியதற்கு மட்டும் பில். மிச்சத்தை நானே எடுத்துக்கொள்கிறேன். புது வெண்டர் கோடு இல்லாமல் இந்த அளவுக்கு ஆர்டர் போட முடியுமா?”

கடைசிக் கேள்விதான் முக்கியம். பல இடங்களில் விலையைவிட, புது சப்ளையரைப் பதிவு செய்து வெண்டர் கோடு கொடுக்கும் வேலைக்கே தயங்குவார்கள். அந்தக் கோடு கட்டாயம் என்றால் என்னென்ன ஆவணம் வேண்டும் என்று அவரே சொல்லிவிடுவார்.

இலவச சாம்பிள் மட்டும் வேண்டாம். நான் கொடுத்தது மேஜை டிராயரிலேயே தூங்கியது. சின்ன ஆர்டராக இருந்தாலும் ஸ்டோர் கணக்கில் ஏறும். ஆளுக்கு எத்தனை ஜோடி செலவானது என்பதும் அப்புறம் தெரிந்துவிடும்.