ஹார்ட், ஹார்ட்லி, லேட், லேட்லி: "ஆக" போட்டதால் வந்த வினை

திருப்பூர், பின்னலாடை நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசர்: அக்கா, ஜெர்மனி பையருக்கு இப்படி எழுதினேன்: "வீ ஹார்ட்லி வொர்க்டு ஃபார் த்ரீ நைட்ஸ். தி டையிங் யூனிட் வாஸ் ஹார்ட்லி ஹிட் பை தி பவர் கட். ஸோ தி ஷிப்மெண்ட் வில் ரீச் லேட்லி." அவர் "அப்படியென்றால் தாமதம் எதற்கு?" என்று ஒரே வரியில் பதில் போட்டிருக்கிறார். நான் என்ன தப்பாக எழுதிவிட்டேன்?

அவர் கேட்டதில் தவறே இல்லை தம்பி. அவர் கண்ணுக்கு உங்கள் கடிதம் எப்படித் தெரிந்தது என்று தமிழில் சொல்கிறேன்: "மூன்று இரவுகள் நாங்கள் வேலை செய்தோம் என்றே சொல்ல முடியாது. மின்வெட்டால் சாயப்பட்டறைக்கு அநேகமாக ஒரு பாதிப்பும் இல்லை. ஆகவே சரக்கு கொஞ்ச நாளாக வந்து சேரும்." கடைசி வரி அவருக்குப் புரிந்தே இருக்காது. முதல் இரண்டு வரிகள் நன்றாகவே புரிந்திருக்கும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. அவற்றில் எழுத்துப்பிழை இல்லை, இலக்கணப்பிழையும் இல்லை. நீங்கள் சொல்ல நினைத்ததற்கு நேர் எதிரானதைச் சுத்தமான ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறீர்கள். கணினி சிவப்புக்கோடு போட்டிருக்காது.

நமக்கு இது ஏன் வருகிறது தெரியுமா? தமிழில் "ஆக" சேர்த்தால் வேலை முடிந்துவிடுகிறது. கடினம் கடினமாக ஆகிறது, வேகம் வேகமாக ஆகிறது, பொருள் இம்மியும் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் நம் "ஆக"வுக்கு ஈடு "லி" என்று பள்ளியில் மனத்தில் பதிந்துவிட்டது. போதாக்குறைக்கு லேட் என்ற சொல்லைத் தமிழுக்கே கொண்டுவந்து "பஸ் லேட்டாக வந்தது" என்கிறோம். அதைத் திரும்ப ஆங்கிலத்துக்கு அனுப்பும்போது அந்த "ஆக" போய் "லி" வந்து ஒட்டிக்கொள்கிறது.

ஹார்ட், லேட் இரண்டும் "லி" இல்லாமலே வினையோடு சேரும். கடுமையாக உழைப்பது வொர்க் ஹார்ட், தாமதமாக வருவது கம் லேட். "லி" ஒட்டினால் அவை வேறு சொற்கள்: ஹார்ட்லி என்றால் "ஏறக்குறைய இல்லை", லேட்லி என்றால் "அண்மைக் காலமாக". ஆகவே இப்படித் திருத்துங்கள்: "வீ வொர்க்டு ஹார்ட் ஃபார் த்ரீ நைட்ஸ். தி டையிங் யூனிட் வாஸ் ஹார்ட் ஹிட் பை தி பவர் கட். தி ஷிப்மெண்ட் வில் ரீச் யூ ஃபோர் டேஸ் லேட்." எத்தனை நாள் என்பதை லேட்டுக்கு முன்னால் போட்டுவிட்டால் லேட்லி உள்ளே நுழைய வழியே இல்லை, "ஃபோர் டேஸ் லேட்லி" என்று யாருக்கும் வாயில் வராது. பையருக்கு வேண்டியதும் அந்த எண்ணிக்கைதான்.

சொல் நிற்கும் இடத்தையும் பாருங்கள். உழைப்பைச் சொல்லும் ஹார்ட் வினைக்குப் பின்னால் வரும், ஹார்ட்லி பெரும்பாலும் வினைக்கு முன்னால் வரும். இரண்டாவது வாக்கியத்தில் மட்டும் இந்தக் குறிப்பு கைகொடுக்காது. "ஹார்ட் ஹிட்", "ஹார்ட்லி ஹிட்" இரண்டிலும் சொல் ஒரே இடத்தில் இருக்கிறது, பொருள் தலைகீழ். அங்கே பயமாக இருந்தால் "பேட்லி ஹிட்" என்று எழுதிவிடுங்கள். அதில் குழப்பத்துக்கு இடமில்லை.

கோபிசெட்டிபாளையம், ஓய்வுபெற்ற ஆசிரியர்: அம்மணி சொல்வதை முழுக்க ஏற்க முடியவில்லை. பழைய ஆங்கிலப் புத்தகங்களில் "ஹார்ட்லி வொன்" என்றால் பாடுபட்டு வென்றது என்றுதான் பொருள். அப்படியானால் அந்தத் தம்பி எழுதியதும் சரிதானே?

ஐயா, பழைய வழக்கைப் பற்றி நீங்கள் சொல்வது உண்மை. ஹார்ட்லிக்கு முதலில் வலிமையாக, கடுமையாக என்றே பொருள் இருந்தது. பிறகு "சிரமப்பட்டு" என்றாகி, சிரமப்பட்டு நடப்பது அதிகம் நடக்காது என்பதால் "ஏறக்குறைய இல்லை" என்று வந்து நின்றது. நமக்கு இது புதிதல்ல. தமிழில் "அரிது" இதே பாதையில் நடந்த சொல். "செயற்கரிய" என்று குறள் சொல்லும்போது செய்வதற்குக் கடினமானது என்று பொருள். "இந்தப் பக்கம் மழை அரிது" என்று நாம் சொல்லும்போது எப்போதாவதுதான் பெய்யும் என்று பொருள். நம் சொல் இரண்டு பொருளையும் கையில் வைத்துக்கொண்டது, ஆங்கிலச் சொல் பழையதைக் கிட்டத்தட்டக் கைவிட்டுவிட்டது.

ஹார்ட் ஏன் "லி" இல்லாமல் நிற்கிறது என்பதற்கும் பழங்கதை உண்டு. பழைய ஆங்கிலத்தில் பண்பைச் சொல்லும்போது ஒரு வடிவம், வினையோடு சேரும்போது கடைசியில் ஒரு "எ" ஒலி சேர்ந்த வடிவம் என்று இரண்டு இருந்தன. காலப்போக்கில் அந்தக் கடைசி ஒலி தேய்ந்துபோக இரண்டும் ஒன்றாயின. ஃபாஸ்ட் என்ற சொல்லும் அப்படித்தான். ஆகவே "வொர்க் ஹார்ட்" என்பது "லி" போட மறந்த சோம்பேறி ஆங்கிலம் அல்ல, அதுவே பழைய, முறையான வடிவம்.

ஆனால் ஜெர்மனியில் உட்கார்ந்திருக்கும் பையர் பழைய புத்தகம் படிப்பவரா என்று நமக்குத் தெரியாது. இன்றைய வாசகருக்கு எழுதும் கடிதத்தில் அந்தத் தம்பியின் வாக்கியம் தவறுதான்.

கோபி ஆசிரியர் மறுபடியும்: தவறு என்பதைவிட வழக்கொழிந்தது என்று சொன்னால் போதாதா?

"ஹார்ட்லி வொன்" பற்றி என்றால் ஒப்புக்கொள்கிறேன். "வீ ஹார்ட்லி வொர்க்டு" பற்றி ஒப்புக்கொள்ள மாட்டேன்.

காங்கயம், இல்லத்தரசி: எங்கள் அப்புச்சிக்கு ஹார்ட்டில் அடைப்பு. ஆஸ்பத்திரி சீட்டில் "ஹி கேன் ஹார்ட்லி வாக்" என்று எழுதியிருக்கிறது. ஹார்ட் நோயாளி மாதிரி நடக்கிறார் என்று பொருளா, நன்றாக நடக்கிறார் என்று பொருளா? வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

இரண்டும் இல்லை அம்மா. இதயத்துக்கும் ஹார்ட்லிக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒரே மாதிரி தெரிகின்றன, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் எழுத்தும் வேறு, ஒலியும் வேறு.

சீட்டில் இருப்பதற்குப் பொருள், அவரால் நடக்கவே முடியவில்லை என்று சொல்லலாம், மிகுந்த சிரமத்தோடு இரண்டடி வைக்கிறார் என்பது. "கேன்" என்ற சொல்லோடு வரும்போது மட்டும் நான் மேலே சொன்ன அந்தச் சிரமப் பொருளின் வாசனை இன்னும் மிச்சமிருக்கிறது. "கேன்" இல்லாமல் "ஹி ஹார்ட்லி வாக்ஸ்" என்று இருந்தால், முடிகிறதோ இல்லையோ அவர் நடப்பதே குறைவு என்று ஆகும். நன்றாக நடக்கிறார் என்று படித்தவர் யாரோ, அவரிடம் சீட்டைக் கொடுத்து அனுப்பாதீர்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது நேரிலேயே கேட்டுவிடுங்கள்.

பெருந்துறை, கல்லூரி மாணவி: "ஐ கான்ட் ஹார்ட்லி ஹியர் யூ" என்று எழுதினேன், மதிப்பெண் போய்விட்டது. அமெரிக்காவில் இருக்கும் என் மாமா இப்படித்தான் பேசுகிறார்.

மாமா அங்கே காதில் விழுவதைப் பேசுகிறார், அந்த நாட்டில் பேச்சில் அது உண்டு. தேர்வுத்தாளிலும் அலுவலகக் கடிதத்திலும் அது செல்லாது. ஹார்ட்லிக்குள்ளேயே "இல்லை" ஒளிந்திருக்கிறது. அதன்மேல் இன்னொரு "நாட்" போட்டால் இரண்டு எதிர்மறை ஆகிவிடும். "ஐ கேன் ஹார்ட்லி ஹியர் யூ" போதும்.

அந்த ஒளிந்திருக்கும் "இல்லை"யைப் பிடிக்க ஒரு வழி உண்டு. வாக்கியத்தின் கடைசியில் "அப்படித்தானே?" என்று கேட்கும் வாலைச் சேர்த்துப் பாருங்கள். "ஹி ஈட்ஸ் எ லாட், டஸன்ட் ஹி?" என்போம். ஹார்ட்லி வந்தால் "ஹி ஹார்ட்லி ஈட்ஸ், டஸ் ஹி?" என்று வால் நேராகிவிடும். எதிர்மறை வாக்கியத்துக்குத்தான் அப்படி நேர்வால் வரும்.

அவிநாசி, நூல் கமிஷன் வியாபாரம்: லேட்லி வந்தால் எப்போதும் "ஹேவ்" வர வேண்டும் என்கிறார்கள். சரியா?

பாதி சரி. "ஐ ஹேவ் நாட் சீன் ஹிம் லேட்லி" என்பதுதான் அதன் சொந்த வீடு. அன்று தொடங்கி இன்றுவரை நீளும் காலத்தை அது சொல்கிறது. நம் "கொஞ்ச நாளாக" போல. அதனால் "போன வாரம் ஒருநாள் பார்த்தேன்" என்பதற்கு அது ஒத்துவராது, அங்கே ரீசன்ட்லி போடுங்கள். "ஐ ஆம் டயர்டு லேட்லி" என்று நிகழ்காலத்தில் எழுதலாமா என்று கேட்டால், எழுதுபவர்கள் இருக்கிறார்கள், எனக்குக் காதில் உறுத்துகிறது. நான் "ஐ ஹேவ் பீன் டயர்டு லேட்லி" என்றே எழுதுவேன். தவறு என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

லேட்டில் இன்னொரு குழி இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், விலகிப்போன மேனேஜர் பழைய கணக்கை முடிக்க வருகிறார் என்பதை "அவர் லேட் மேனேஜர் வில் மீட் யூ" என்று பையருக்கு எழுதினேன். மறுநாள் அனுதாபக் கடிதம் வந்தது. ஆள் பெயருக்கோ பதவிக்கோ முன்னால் லேட் வந்தால் காலமானவர் என்று பொருள். விலகியவரை "ஃபார்மர் மேனேஜர்" என்று எழுத வேண்டும். அந்த மேனேஜர் அனுதாபக் கடிதத்தை நெடுநாள் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார்.

சத்தியமங்கலம், லாரி ஓட்டுநர்: திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவு. "கோ ஸ்லோ" என்று பலகை. "ஸ்லோலி" என்றல்லவா இருக்க வேண்டும்? அரசாங்கமே தப்பாக எழுதலாமா?

தப்பில்லை அண்ணா. ஸ்லோவும் ஹார்ட்டைப் போலத் தனியாக வினையோடு சேரக்கூடியது. இங்கே "லி" போட்டாலும் போடாவிட்டாலும் மெதுவாகத்தான் போக வேண்டும், பொருள் பிரிவதில்லை. பலகையில் இடமும் குறைவு.

மெர்ச்சண்டைசர் தம்பி: அக்கா, திருத்தி அனுப்பிவிட்டேன். "தி வொர்க்கர்ஸ் ஆர் ஹார்ட்லி ஸ்லீப்பிங்" என்று ஒரு வரி நானாகச் சேர்த்தேன். அதுவும் போச்சா?

இல்லை, அது சரி. தூங்குவதே இல்லை என்று சொல்லலாம் என்றுதானே எழுத நினைத்தீர்கள்? அப்படியேதான் அவர் படிப்பார். ஆனால் தொழிலாளர்களைத் தூங்க விடுவதில்லை என்று ஜெர்மனி பையரிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறீர்கள். அடுத்த ஆடிட்டில் அதைப் பற்றிக் கேட்பார்கள், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.